முதல் ஆறு மாதம் வரவு பூஜ்யம்

முத்துப்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது சபுர் போனவர்தான். சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவூதி என்று போன மூன்றாம் மாதம் வீட்டுக்குப் பணம் வந்துவிடும். வெளிநாடு என்றாலே அங்கிருந்து இங்கே பணம் வரும் என்பது இந்த ஊரின் இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். படிக்கப் போகும் பிள்ளைக்கும் அதே பழக்கத்தில் கணக்குப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சபுராளி போன மாதமே சம்பாதிப்பார். படிக்கப் போகிற பிள்ளைக்கு இங்கிருந்து நாம் அனுப்ப வேண்டும், அதுவும் முதல் ஆண்டு முழுக்க.

போன ஆண்டு ஜாம்புவானோடை பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தன் மகனின் ஜெர்மனி முதுகலைச் சேர்க்கைக் கடிதத்தோடு என்னிடம் வந்தார். மகன் இயந்திரவியல் படித்தவன். கிழக்கு ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. “ஃபீஸே கிடையாதாம் சார். அங்க பார்ட்-டைம் பாத்து சமாளிச்சுக்கிறேங்கிறான். ஒரு அஞ்சு லட்சம் இருந்தா அனுப்பிடலாம்ல?” என்றார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தோப்புக் கணக்கு எழுதும் நோட்டிலேயே பின்பக்கம் திருப்பிக் கணக்குப் போட்டோம். ஐந்து லட்சம் பதினாறு லட்சத்தில் போய் நின்றது. அந்தக் கணக்கைத்தான் கீழே தருகிறேன். ஒரு யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் பணம் அனுப்பும் நாளின் விலையை அதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபீஸ். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூ நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலச் செமஸ்டர் முதல் முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கிவிட்டது. அதுவும் ஒரு செமஸ்டருக்கு. தனியார் கல்லூரிகளின் கட்டணம் வேறு உலகம். ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்று சொல்லும் ஏஜென்டிடம், எந்த மாநிலம், அரசா தனியாரா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தால் சேர்க்கைக் கடிதத்தை நீங்களே ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள்.

கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. மாணவர் நல அமைப்புக்கும், பல இடங்களில் பஸ்-ரயில் பாஸுக்கும் சேர்த்து வாங்குவது. ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை வரும். நாம் 250 என்று எழுதினோம்.

அடுத்தது பெரிய தொகை. மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் காட்டுவது ப்ளாக்டு அக்கவுன்ட் வழியாக. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, மாதத்துக்கு 992. நம் கணக்கில் பன்னிரண்டரை லட்ச ரூபாய். தொகை அவ்வப்போது உயரும் என்பதால், விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் திறந்து தருகின்றன. அவற்றின் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 யூரோ. யூரோ விலை ஒரு ரூபாய் ஏறினால் இந்த ஒரு தொகையில் மட்டும் 11,904 ரூபாய் கூடும். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

பணம் அனுப்பும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இடையில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டால் அங்கே 15, 20 யூரோ குறைவாகப் போய்ச் சேரும். குறைந்தால் உறுதிக் கடிதம் வராது, விசா நேர்காணல் தள்ளிப்போகும். எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புகிறவருடையது என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள், கூட ஒரு 30 யூரோ சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது, வரிப் பிடித்தம். ஒரு நிதியாண்டில் ஒருவர் பெயரில் 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி வரி பிடிக்காது, அதற்கு மேல் போகும் பகுதிக்குப் பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனில் போகும் பணத்துக்குப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் என்றால் அப்பா பெயரில் ஒரு பகுதி, அம்மா பெயரில் ஒரு பகுதி என்று அவரவர் பான் எண்ணில் அனுப்பலாம். படிவத்தில் நோக்கம் ‘கல்வி’ என்றே இருக்கட்டும். ‘அன்பளிப்பு’, ‘உறவினர் பராமரிப்பு’ என்று போட்டுவிட்டால் வரம்புக்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் போய்விடும். பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது வர மாதக்கணக்காகும், பணம் தேவைப்படுவதோ இப்போது.

இவை தவிரச் சில்லறை என்று நாம் ஒதுக்குபவை. இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் கட்டணம் 18,000 ரூபாய். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதலாவதுக்கு 75, அடுத்தவற்றுக்குத் தலா 30 என 135 யூரோ, சுமார் 14,000 ரூபாய். ஆங்கிலத் தேர்வுக்கு ஏறக்குறைய 18,000. விசாவுக்கு 75 யூரோ, அதாவது 8,000. விமானத்துக்கு 50,000 என்று வைத்தோம். கணக்கு நிறுவனத்தின் 150 யூரோ 16,000. கூட்டினால் 1,24,000 ரூபாய்.

தோப்புக்காரர் அத்தோடு நோட்டை மூடப் பார்த்தார். இன்னும் ஒரு வரி இருக்கிறது, பிள்ளைகள் அங்கே போய்த் திண்டாடுவது அந்த வரியில்தான். ப்ளாக்டு அக்கவுன்டில் பன்னிரண்டரை லட்சம் இருக்கும், ஆனால் இறங்கிய அன்று அதில் ஒரு பைசா எடுக்க முடியாது. அங்கே ஒரு விலாசம் வேண்டும். அந்த விலாசத்தை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அவர்கள் ‘ஆன்மெல்டுங்’ என்பது இதைத்தான். பிறகு ஒரு நடப்புக் கணக்கு திறந்து, அதைக் கணக்கு நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகுதான் முதல் 992 வரும். நகர அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே மூன்று நான்கு வாரம் ஆகும் ஊர்கள் உண்டு. ஆக முதல் மாதம், சில நேரம் ஒன்றரை மாதம், கைப்பணத்தில்தான் ஓட வேண்டும்.

அந்தக் கைப்பணத்தையும் வரியாக எழுதினோம். விடுதி அட்வான்ஸ் 500 யூரோ, முதல் மாத வாடகை 300, செமஸ்டர் பங்களிப்பு 250, முதல் மாதக் காப்பீடு 150, தங்கும் அனுமதி அட்டைக்கு 100, மெத்தை விரிப்பு, இரண்டு பாத்திரம், குளிர் ஜாக்கெட் எல்லாம் 200, சாப்பாடும் பஸ்ஸும் 250. மொத்தம் 1,750. தவறிப்போனால் சமாளிக்க ஒரு 250. ஆக 2,000 யூரோ, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். கொஞ்சம் ரொக்கம், மீதி வெளிநாட்டில் செல்லும் கார்டில்.

பன்னிரண்டரை லட்சம், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம். கூட்டினால் 15,84,000. பதினாறு லட்சம் என்று வட்டம் போட்டுக்கொண்டார் அவர்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் இன்னொரு இடி உண்டு. குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். அதற்கு ஜூன், ஜூலையில் ப்ளாக்டு அக்கவுன்டில் பணம் நிரம்பியிருக்க வேண்டும். சம்பா நெல் போட்ட பணம் பிப்ரவரி, மார்ச்சில் கைக்கு வரும். ஜூன் வரும்போது அது கடன் அடைத்து, கல்யாணம் பார்த்து, குறுவைக்கு உழவு ஓட்டிக் கரைந்திருக்கும். பிள்ளையை அனுப்ப நினைக்கும் ஆண்டில் சம்பாப் பணத்தை அப்படியே டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். தென்னைக்காரருக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு இருப்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் 2018 கஜாவில் விழுந்த மரத்துக்குப் பதில் வைத்த கன்றை நம்பி வெளிநாட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

வங்கிக் கடன் கேட்டுப் போனால் இன்னொரு சுவர். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் தரும் திட்டம் வங்கிகளில் இருக்கிறது. அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். “அஞ்சு ஏக்கர் இருக்கு சார்” என்று நம் ஆட்கள் நம்பிக்கையாகப் போவார்கள். கடன் திரும்பாதபோது வங்கி நேரடியாகச் சொத்தைக் கைப்பற்றும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால் நஞ்சையையும் தோப்பையும் வங்கிகள் கல்விக் கடனுக்கு ஏற்கத் தயங்கும். கேட்பது பட்டா உள்ள வீட்டு மனை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் கோயில் மனையிலும் வக்ஃபு மனையிலும் நிற்கின்றன. வீடு நம்முடையதுதான், அடி மனை நம்முடையது இல்லை. அதன் மேல் கடன் கிடைக்காது. இதைச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு தெரிந்துகொண்டு தவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் போடும் முன்பே பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரை ஒரு முறை பாருங்கள். வட்டிக் கடனே வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்கள் நகையும் அண்ணன் தம்பி சம்பளமும் சேர்த்துத் திரட்டுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு வருட முன்கூட்டிய திட்டம் இன்னும் அவசியம். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு மத்திய அரசு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை இன்னும் காட்டிப் பேசும் ஏஜென்டுகளை நம்ப வேண்டாம்.

கடன் கிடைக்காத இடத்தில்தான் ‘காட்டும் பணம்’ உள்ளே வருகிறது. ஒருவர் தன் பணத்தைப் பிள்ளை பெயரில் ப்ளாக்டு அக்கவுன்டில் போட்டுக் கொடுப்பார். விசா வாங்கிவிடலாம். பிறகு மாதாமாதம் வெளிவரும் 992-ஐ அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், மேலே வட்டி. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை அவரிடம் இருக்கும். இந்த ஏற்பாட்டில் போன பிள்ளைக்கு முதல் மாதத்திலிருந்தே சோறு கிடையாது. வேலை கிடைக்கும் வரை யாரிடமாவது கைமாற்று, கிடைத்த பிறகு சட்டம் அனுமதிக்கும் நேரத்தைத் தாண்டி உழைப்பு, அதனால் தேர்வில் தோல்வி. விசா வந்தால் போதும், மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், முதல் மாதம் எதைச் சாப்பிடுவான் என்று கேளுங்கள். பணம் உண்மையாகவே பிள்ளையின் செலவுக்கு இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

இனி மாதச் செலவு. வாடகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழக ஊரிலும் மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதிகள் உண்டு. ஷெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு ஊர்களில் 300 யூரோவை ஒட்டி அறை கிடைக்கலாம். மியூனிக்கில் தனியாரிடம் ஒரு அறைக்கு 700, 800 ஆகும். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பம் போட வேண்டும், விசாவுக்காகக் காத்திருக்கக் கூடாது. வரிசை மாதக்கணக்கில் நீளும்.

தனியார் வீடு பார்த்தால் இரண்டு வாடகை எழுதியிருப்பார்கள். ‘கால்ட்மீட்ட’ என்பது வெறும் சுவருக்கு. ‘வார்ம்மீட்ட’ என்பது தண்ணீர், வெப்பமூட்டல், குப்பை எல்லாம் சேர்த்து. இரண்டாவதை மட்டும் பாருங்கள், மின்சாரமும் இணையமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். அட்வான்ஸ் மூன்று மாதக் கால்ட்மீட்டவுக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல் முதல் நாளே முழுத்தொகை கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர் எழுதித் தரும் குடியிருப்புச் சான்று இல்லாமல் விலாசப் பதிவு நடக்காது, பதிவு நடக்காமல் மேலே சொன்ன 992 வராது. ஆகவே ‘அறை மலிவு, ஆனா பதிவு பண்ண முடியாது’ என்று யாராவது சொன்னால், அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு ஆகாது. இன்னொரு வகையும் உண்டு. ‘நான் வெளியூரில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்’ என்று எழுதுவார்கள். படம் அழகாக இருக்கும், வாடகை பக்கத்து வீட்டைவிடப் பாதியாக இருக்கும். சாவி வராது, பணமும் வராது. அறையைப் பார்க்காமல், அல்லது அங்கே இருக்கும் தெரிந்தவரைப் பார்க்கச் சொல்லாமல் ஒரு யூரோ அனுப்பாதீர்கள். விடுதி கிடைக்கவில்லை என்றால் முதல் மாதத்துக்கு மட்டும் ஒரு தற்காலிக அறை எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தேடுவதே நல்லது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகப் பதிவே கிடையாது. முப்பது வயது ஆகாத மாணவர்களுக்கு அரசுக் காப்பீட்டில் சலுகை விகிதம் உண்டு, மாதம் ஏறக்குறைய 150 யூரோ. குழந்தை இல்லாத, 23 வயது நிறைந்தவர்களுக்கு அதற்குள்ளேயே சற்றுக் கூடுதல். நம் ரூபாயில் மாதம் பதினைந்தாயிரம் காப்பீட்டுக்கா என்று தோன்றும். ஆனால் டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டில் 28 நாள் வரை மட்டும். மருந்துக்கு ஐந்து, பத்து யூரோ. விபத்தோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் தோப்பை விற்க வேண்டியதில்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதம் 30, 40 யூரோவுக்கு ஒரு தனியார் பாலிசியைக் காட்டி, ‘அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிடுங்கள்’ என்பார்கள். விலக்கு வாங்கியவர் படிப்பு முடியும் வரை அரசு மாணவர் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. மலிவான பாலிசியோ பழைய நோய், பல், கர்ப்பம் என்று பாதியை விட்டிருக்கும். ஊரிலிருந்து கிளம்பி அரசுக் காப்பீடு தொடங்கும் நாள் வரைக்கும் மட்டும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், அது விசாவுக்கே வேண்டும். அரசுக் காப்பீட்டு நிறுவனம் ‘எம்10’ என்ற தகவலைக் கணினி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததா என்று பிள்ளை கேட்டு உறுதி செய்ய வேண்டும். மாதத் தவணை பாக்கி வைத்தால் அடுத்த செமஸ்டர் பதிவு தடைபடும். ஆகையால் 992 வந்ததும் முதலில் போக வேண்டியது வாடகையும் காப்பீடும்.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது மாதப் பட்டியல். விடுதி 300, காப்பீடு 150, செமஸ்டர் பங்களிப்புக்கு எடுத்து வைப்பது 45, ஃபோன் 15, வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய ஒலிபரப்புக் கட்டணம் 19, வீட்டுச் சமையல் என்றால் சாப்பாடு 200, ப்ளாக்டு அக்கவுன்ட் கட்டணம் 5, துணி, புத்தகம், பயணம் 60. மொத்தம் 794. வரும் 992-இல் சுமார் 200 மிஞ்சும். ஆண்டுக்கு 2,400. இதே பையன் 700 யூரோ அறையில் இருந்தால் மாதச் செலவு 1,194, அதாவது மாதம் 200 பற்றாக்குறை. ஊரை மாற்றினால் மாதத்துக்கு 400 யூரோ மாறுகிறது. தரவரிசையில் ஐந்து இடம் முன்னே இருக்கும் கல்லூரிக்காக அதைக் கொடுக்கலாமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். ஆனால் தெரிந்து தீர்மானிக்கட்டும்.

பகுதி நேர வேலைக்கு வருவோம். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். அரை நாள் என்றால் நான்கு மணி நேரம் வரை. பல்கலைக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்த நாட்கணக்கில் சேராது, அதனால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். 2026 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. 280 அரை நாளையும் நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்து 13.90-ஆல் பெருக்கி, ‘வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் யூரோ சம்பாதிக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டல் கழித்தல் சரிதான், ஆள்தான் அப்படிச் சம்பாதிப்பதில்லை.

முதல் ஆறு மாதம் பதிவு, அலுவலகம், புரியாத வகுப்பு என்றே போய்விடும். சின்ன ஊர்களில் கடையிலும் உணவகத்திலும் வேலைக்கு ஜெர்மன் பேச வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கடைக்காரர் ஆங்கிலத்தில் பேச மாட்டார். அதனால் முதல் ஆறு மாத வருமானத்துக்கு நேரே பூஜ்யம் போடுங்கள். இங்கிருந்து கிளம்பும் முன் ஏ2 வரையாவது ஜெர்மன் படித்த பிள்ளை இந்த ஆறு மாதத்தை நாலாகக் குறைக்கலாம்.

பிறகு ஒரு ‘மினிஜாப்’ கிடைத்தால், 2026-இல் மாதம் 603 யூரோ வரை. வாரத்துக்குப் பத்து மணி நேர வேலை. அதற்குள் இருந்தால் காப்பீட்டுச் சலுகைக்கும் சிக்கல் இல்லை. அதைத் தாண்டிப் போனாலும் பாட காலத்தில் வாரம் இருபது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மாணவர் காப்பீட்டு விகிதம் போய்விடும். சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வேலையைச் ‘சுயதொழில்’ ஒப்பந்தத்தில் எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. மாணவர் அனுமதியில் தனி ஒப்புதல் இல்லாமல் அது சட்டவிரோதம். கையெழுத்துப் போடும் முன் தாளில் இருப்பது வேலை ஒப்பந்தமா, சுயதொழிலா என்று பார்க்கட்டும்.

வேலை அதிகம் பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. வாரம் இருபது மணி நேரம் உழைத்துத் தேர்வில் தவறி ஒரு செமஸ்டர் கூடினால், ஆறு மாதம் 794 வீதம் 4,764 யூரோ, ஐந்து லட்ச ரூபாய். ஏழெட்டு மாத மினிஜாப் சம்பளம் அப்படியே போய்விடும்.

தோப்புக்காரர் கடைசியாகக் கேட்டது, “ரெண்டாவது வருஷம் நான் எவ்வளவு அனுப்பணும்?” தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஓராண்டுக்கு மறுபடியும் மாதம் 992 வீதம் பணம் காட்ட வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மகன் கணக்கில் மிச்சம் 2,400 இருக்கும். ஏழாம் மாதம் முதல் மினிஜாப் கிடைத்து அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்தால் 3,618. சேர்த்து 6,018. அயலவர் அலுவலகம் வேலை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் மாதம் 992-இல் 603 போக 389 மட்டும் காட்டினால் போதும். ஆண்டுக்கு 4,668, அது கையிலிருக்கும் பணத்துக்குள் அடங்கிவிடும். வேலை இல்லை, அல்லது ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது என்றால் முழு 11,904-உம் காட்ட வேண்டும். மிச்சப் பணம் 6,018 என்றாலும் வீட்டிலிருந்து ஆறேகால் லட்ச ரூபாய் போக வேண்டும். வேலையே கிடைக்காமல் போயிருந்தால் கையில் 2,400 மட்டும், அனுப்ப வேண்டியது பத்து லட்சம். ஒப்பந்தத்தை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது அந்தந்த ஊர் அலுவலகத்தைப் பொறுத்தது. பையன் புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அங்கே எழுதிக் கேட்க வேண்டும்.

மினிஜாப் வருடம் முழுக்க இருந்தாலும் 7,236 யூரோ. மாதம் 794 வீதம் வருடச் செலவு 9,528. வேலை செலவில் முக்கால் பங்கைத்தான் தாங்கும், மீதி 2,292 வீட்டுப் பணம். பார்ட்-டைமில் மிச்சம் பிடித்து வீட்டுக் கடனை அடைப்பேன் என்று பிள்ளை சொன்னால் அது பாசம். நோட்டில் எழுத வேண்டிய வரவு அதில் இல்லை.

பிரிட்டன் பக்கம் போகிறவர்களும் இதே வரிசையில் போடலாம், எண்கள்தான் மாறும். அங்கே பல்கலைக்கழகக் கட்டணமே பெரிய தொகை. மருத்துவத்துக்கான கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, அனுமதிக் காலம் முழுமைக்கும் விசா விண்ணப்பத்தோடு ஒரே தடவையில் கட்ட வேண்டும். செலவுப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பாட காலத்தில் வேலை வாரம் 20 மணி நேரம்.

அந்தத் தென்னந்தோப்புக்காரர் ஐந்து லட்சத்தோடு மகனை அந்த ஆண்டு அனுப்பவில்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டு ஒரு ஆண்டு தள்ளிப்போட வழியில்லாததால் அந்த இடம் போயிற்று. மகன் கோவையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலம் ஜெர்மன் படித்தான். சம்பாப் பணம், இரண்டு தேங்காய் வெட்டு, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் கொடுத்தது எல்லாம் ஒரே டெபாசிட்டில் சேர்ந்தன. வங்கி ஏழரை லட்சம் தந்தது. இந்த ஆண்டு அதே பாடத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறான். நோட்டில் பதினாறு லட்சத்துக்கு நேரே டிக் போட்டாயிற்று. அடுத்த பக்கத்தில் ‘2-ஆம் வருஷம், ஆறேகால் லட்சம், அடுத்த சம்பாவில்’ என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டு பக்கத்தையும் எழுதிவிடுங்கள்.